போர்மா மேல நின்ன பாட்டில்

நான் யாருக்கும் கெடுதல் நெனச்சவன் இல்ல தம்பி. இந்தத் தெருவுல யாரை வேணாலும் கேளுங்க. ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் கெடுதல் நெனச்சேன். அதுவும் நாப்பது வருசத்துக்கு மேல, விடாம.

உக்காருங்க. மக்ரூன் போர்மாவுல இருக்கு. போர்மான்னா எங்க விறகு அடுப்பு. அவசரப்பட்டு எடுத்தா உள்ள ஈரமா நிக்கும், நீங்க சென்னை போய்ச் சேரதுக்குள்ள கோந்து மாதிரி ஒட்டிரும். காயட்டும். அதுவரைக்கும் நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன்.

இப்போ வெள்ளச் சட்ட போட்ட ஆளு ஒருத்தன் உள்ள வந்து, என் தோள்ல கைய வச்சு நின்னுட்டு, ரெண்டு பன்ன எடுத்துக்கிட்டுப் போனான்லா. உங்க அண்ணனான்னு கேட்டிய. அண்ணன் இல்ல. எங்க அண்ணன் கடல்ல போய் வராமயே போனவன், அது வேற கதை. இவன் தொபியாஸ். ஒண்ணாம் கிளாஸ்லருந்து எனக்குக் கூட்டாளி. என் வாழ்க்கையத் திருடுனவன்.

சிரிக்காதிய. நெசமாத்தான் சொல்லுதேன்.

அப்போ எங்களுக்கு இருவத்தஞ்சு வயசு இருக்கும். இது எங்க அப்பா கடை. நான் பேக்கர், அவன் எனக்கு மாவு பெசஞ்சு குடுக்கிற ஆளு. ரெண்டு பேருமே கப்பல்ல போகணும்னு பாஸெல்லாம் எடுத்து வச்சிருந்தோம். நம்ம தூத்துக்குடி துறைமுகத்துக்கு உப்பு ஏத்த ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்துச்சு. அதுல ரொட்டி போடுற ஆளு குடல் வீங்கி ஆஸ்பத்திரியில படுத்துட்டான். உடனே ஒரு பேக்கர் வேணும்னு ஏஜெண்டு என்னயத் தேடி வந்தாரு. என்னய, கேட்டியளா. கஸ்பார் மோத்தாவ. தொபியாஸத் தேடி இல்ல.

நான் தகரப் பெட்டியக் கட்டுனேன். தொபியாஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டுத் துணைக்கு வந்தான். ரெண்டு பேரும் கப்பல் ஏறுனோம். கடைசியில கப்பல்ல போனது யாரு? தொபியாஸ். கரையில நின்னது யாரு? நான். பெட்டி யாருகிட்ட? அதுவும் அவன்கிட்ட. என் சட்ட, என் வேட்டி, எங்கம்மா வச்ச கருவாட்டுப் பொடி, எல்லாம் அவனோட போச்சு. இதுக்குப் பேரு திருட்டு இல்லாம வேற என்ன?

நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேக்கறிய. எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. சமையக்கட்டுல அந்தப் பெரிய குக்குகிட்ட இவன் என்னமோ பேசுனான். எனக்கு வலிப்பு வரும்னு சொல்லியிருப்பான். என்ன பாஷையில பேசுனான்னு கேட்டா, கைய ஆட்டித்தான் பேசுனான். அதெல்லாம் போதும் ஒருத்தன் பொழப்பக் கெடுக்க.

சரி. ரெண்டு வருசம் கழிச்சு அவன் ஊருக்கு வந்தான். வந்த அன்னைக்கே கடைக்கு வந்து, கட்டிப் பிடிச்சு, சாக்குத் துணியில சுத்துன ரெண்டு பாட்டில என் மாவுப் பலகையில வச்சான். மதேரான்னு ஒரு தீவாம். போர்த்துகல்காரன் தீவு. கப்பல் எண்ணெ போட அங்க நின்னப்போ வாங்குனதாம். வாய்க்கு அரக்கு வச்சுச் சீல் போட்ட ஒயினு பாட்டிலு.

"லே கஸ்பாரு, ஒண்ண இப்போ குடிப்போம். இன்னொண்ண நீ வச்சிரு. நான் கடல விட்டு மொத்தமா எறங்கி வார அன்னைக்கு ரெண்டு பேரும் ஒக்காந்து தொறப்போம்" அப்படின்னான்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் மத்தியானம், இந்தா இந்தப் பின்கட்டுலதான் ஒண்ணக் குடிச்சோம். இன்னொண்ண எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டான். திருடுன வீட்டுலயே கொண்டு வந்து சாமானப் பாத்துக்கோன்னு குடுக்கறது எப்படி இருக்கு பாருங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அன்னைக்கே உடைச்சிருக்கலாம். ஆனா உடைச்சா அவனுக்கு ஒரு நிமிசம்தான வலிக்கும்.

அப்போ எங்க கோயில் உபதேசியார்தான் பூசைக்கு வைக்கிற திராட்சரசத்துக்குப் பொறுப்பு. அவருகிட்டப் போய், "ஐயா, திராட்சரசம் பாட்டில எப்படி வைக்கணும்"னு பணிவாக் கேட்டேன். அவரு சொன்னாரு: "படுக்க வைக்கணும்யா. அப்பதான் உள்ள இருக்கிற ரசம் கார்க்க நனைச்சுக்கிட்டே இருக்கும், கார்க்கு உப்பி நிக்கும். நிக்க வச்சா கார்க்கு காஞ்சு சுருங்கிரும், காத்து பூந்துரும். காத்து பூந்தா ரசம் புளிச்சுக் காடி ஆயிரும். சூடு ஆகவே ஆகாது. வெந்து போயிரும். குளுந்த எடத்துல, இருட்டுல, ஆட்டாம வைக்கணும்."

"ரொம்ப நன்றிங்கய்யா"ன்னு சொல்லிட்டு வந்து, நான் என்ன செஞ்சேன் தெரியுமா? போர்மாவுக்கு நேர் மேல ஒரு பரண் இருக்கு பாருங்க, அந்தக் கருப்பு அடிச்ச பலகை. அதுல நிக்க வச்சேன். கோயில் கூண்டுல சுரூபம் நிக்கற மாதிரி நேரா. மேல தகரக் கூரை, கீழ போர்மா. அந்தப் பரண்ல கைய வச்சா சுடும். வெயில் காலத்துல எலிகூட அதுல ஏறாது.

அவன் ஒவ்வொரு தடவ லீவுல வரும்போதும், "பாட்டில் பத்தரமா இருக்கா?"ன்னு கேப்பான். "கண்ணுக்குள்ள வச்சிருக்கேன்"னு சொல்லுவேன். அவன் வீடு கட்டுனான். அன்னைக்கு ரெண்டு வெறகு கூடப் போட்டேன். அவன் பையன இஞ்சினீயரிங் சேத்தான். அன்னைக்கும் போட்டேன். அவன் அங்க நல்லா இருக்க இருக்க, இங்க பாட்டிலு வேகட்டும்னு. எனக்குக் கல்யாணம் ஆச்சு, பெனிட்டா பொறந்தா, பொண்டாட்டி போய்ச் சேந்தா, அந்தப் பாட்டிலு மட்டும் நின்ன எடத்துல நின்னுச்சு. பொறுமைன்னா என்னன்னு எனக்குத் தெரியும் தம்பி. மக்ரூன் போடறவனுக்குத் தெரியாதா.

அவன் கடல விட்ட பெறகும் நேரா ஊருக்கு வரல. மகன் கூட மும்பையில பல வருசம் கெடந்தான். போன வருசந்தான் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மொத்தமா வந்து எறங்குனான். ஒரு நாள் கடைக்கு வந்து, "எனக்கு எழுவது ஆவுது, நம்ம கோயில் பங்கு மண்டபத்துல சாப்பாடு வைக்கேன், நீ முன் வரிசையில இருக்கணும்"னான்.

"எதுக்கு?"

"நான் நாலு வார்த்த பேசணும். நீ எனக்குக் கப்பல விட்டுக் குடுத்தத ஊரு அறியச் சொல்லணும்."

பாத்தியளா? அவன் இத்தன வருசமா ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியற கதை அதுதான். கஸ்பாரு விட்டுக் குடுத்தான், கஸ்பாரு மாதிரி கூட்டாளி யாருக்கு வாய்ப்பான். நான் ஒரு பக்கம் திருடிட்டான்னு சொல்லுதேன், அவன் ஒரு பக்கம் குடுத்தான்னு சொல்லுதான். கேக்கறவன் அவன் பேச்சத்தான் நம்புவான். ஏன்னா அதுல அவனும் நல்லவனாத் தெரியறான்.

"குடுத்தான்னு சொல்லாத லே. எடுத்தேன்னு சொல்லு" அப்படின்னேன்.

அவன் ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்தான். அப்பறம், "கஸ்பாரு, உனக்கு ஞாபகம் தப்புது"ன்னான்.

"எனக்கா? அன்னைக்குக் குடிச்ச ஒயினு எப்படி இருந்துச்சுன்னு இப்பக் கேளு, சொல்லுதேன். காடி. நாக்குல வச்சதும் துப்புனேன்."

அவன் சிரிச்சுட்டான். "துப்புனியா? முக்காப் பாட்டில நீதான் குடிச்ச. கண்ண மூடிக்கிட்டு, 'லே, நம்ம பிளம் கேக்கப் பிழிஞ்சு ஊத்துன மாதிரி இருக்கு'ன்ன. கருகுன சீனி, வறுத்த முந்திரி, ஆரஞ்சுத் தோலு. எனக்கு இன்னும் நாக்குல இருக்கு."

அப்பதான் எனக்கு அந்த யோசன வந்துச்சு. வந்ததும் உடம்பு பூரா ஒரு குளுமை. பரண்ல நிக்கறது எனக்குத்தான தெரியும். இத்தன வருசம் அடுப்பு மேல, காஞ்ச கார்க்கோட. அது காடியா இல்லாம வேற என்னவா இருக்கும்?

"சரி, பாட்டிலத் தொறப்போம்"னேன். "ஒன் நாக்கு சரியா, என் நாக்கு சரியான்னு பாத்துருவோம். காடியா இருந்தா என் ஞாபகந்தான் சரி. நீ மைக்கப் புடிச்சு, கஸ்பாரு எடத்த நான் திருடுனேன்னு சொல்லணும். கேக்கு மாதிரி இருந்தா ஒன் ஞாபகம் சரி. நான் முன் வரிசையில ஒக்காந்து நீ சொல்றத வாயப் பொத்திக்கிட்டுக் கேக்கேன்."

அவன் என்னையவே பாத்தான். "கஸ்பாரு, இது வேண்டாம்"னான்.

"பயமா?"

"எனக்கில்ல"ன்னான். அப்பறம், "சரி, தொறப்போம்"னான்.

சனிக்கெழம சாயங்காலம் வச்சுக்கிட்டோம். ஏணி போட்டு பெனிட்டாதான் பாட்டில எறக்குனா. எம்மக. இப்போ கடைய அவதான் பாக்கா. கை பட்ட எடமெல்லாம் கருப்பு. தொடச்சுப் பாத்தா, ரசம் கழுத்துல இல்ல, தோளுக்கு எறங்கியிருந்துச்சு. அவ்வளவும் கார்க்கு வழியா ஆவியாப் போயிருக்கு. எனக்கு நெஞ்சுக்குள்ள கோயில் மணி அடிக்குது. காத்து பூந்துட்டு, கேட்டியளா. உபதேசியார் சொன்னபடியே பூந்துட்டு.

தொபியாஸ் பாட்டில வாங்கி வெளக்குல காட்டிப் பாத்தான். அடியில கருப்பா மண்டி கெடந்துச்சு. "ஆட்டாம வச்சுக்க"ன்னு மேசையில வச்சான். அரக்கக் கத்தி முனையால கொஞ்சம் கொஞ்சமாத் தட்டி எடுத்தான். அது பொடிப்பொடியா உதிந்துச்சு. வாய ஈரத் துணியால தொடச்சான். அப்பறம் கார்க்கு எடுக்கிற திருகாணிய நடுவுல வச்சு மெதுவாத் திருகுனான். இழுத்தான். பாதிக் கார்க்கு கையோட வந்துச்சு, மீதி உள்ள நின்னுச்சு, ரஸ்க்கு மாதிரி நொறுங்கிக்கிட்டு. திரும்பவும் சாச்சு வச்சுத் திருகி எடுத்தான். தூளு உள்ள விழுந்துச்சு. "பரவால்ல, வடிகட்டிக்கலாம்"னான். கழுவிக் காய வச்ச மெல்லிசுத் துணி ஒண்ண பெனிட்டாகிட்ட வாங்கி, ஒரு கண்ணாடி ஜக்கு மேல போட்டு, பாட்டிலச் சாச்சு நூலு மாதிரி ஊத்துனான். ஒரே சாய்ப்பு. நடுவுல நிமித்தவே இல்ல. மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திட்டான்.

நெறம் கடுங்காப்பி. ஓரத்துல மட்டும் பச்ச கலந்த மஞ்சளு.

நான் மோந்து பாத்தேன். பூசண நாத்தம். மழையில நனஞ்ச அட்டப்பெட்டிய மூலையில போட்டு வச்சா வருமே, அந்த நாத்தம். அதுக்கு மேல வார்னிஷு நெடி. ஒரு சொட்டு நாக்குல வச்சேன். புளிப்பு சுருக்குன்னு இழுத்துச்சு.

"காடி"ன்னேன்.

தொபியாஸும் மோந்தான். மொகம் சுளிச்சான். அந்தச் சுளிப்பு இருக்கே தம்பி, அதப் பாக்கத்தான் நான் நாப்பது வருசம் வெறகு போட்டேன். அன்னைக்கே எனக்குச் சாவு வந்திருந்தா சிரிச்சுக்கிட்டே போயிருப்பேன்.

"சொல்லு. ஒன் கேக்கு எங்க?"

அவன் கிளாஸக் கீழ வச்சான். "இரு. இது மூடிக் கெடந்த நாத்தம். எத்தன வருசம் மூச்சு விடாம இருந்திருக்கு. காத்துப் பட்டாப் போயிரும். அந்தத் தீவுலயே சொல்லுவாங்க, ரொம்பப் பழசா இருந்தா ஒரு நாளு, ரெண்டு நாளு தொறந்து வச்சிட்டுத்தான் குடிக்கணும்னு. நாளைக்குப் பூச முடிஞ்சு வாரேன். ஜக்கு ஒங்கிட்டயே இருக்கட்டும். துணியப் போட்டு மூடி வை, இறுக்கி மூடாத."

தோக்கப் போறவன் நாளைக்கின்னுதான் சொல்லுவான். ஆனா பின்னாடி ஒரு பேச்சு வரக் கூடாதுன்னு ஜக்க அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டி, சாவிய என் இடுப்புலயே சொருகிக்கிட்டேன். காத்துப் பட்டாக் காடி இன்னும் காடி ஆகும், வேற என்ன ஆகும்? அன்னைக்கு எனக்கு வந்த தூக்கம் மாதிரி சின்ன வயசுலகூட வந்ததில்ல.

மறுநாள் பூச முடிஞ்சு வந்தான். நான்தான் பூட்டத் தொறந்தேன்.

அலமாரிக் கதவத் தொறந்ததுமே பெனிட்டா, "அப்பா, போர்மாவுல எதையும் வச்சிட்டு மறந்துட்டியளா? சீனி கருகுற வாசன வருது"ன்னு அந்தப் பக்கம் ஓடுனா. போர்மாவுல ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம நாங்க அடுப்பு பத்த வைக்கறதில்ல.

மூணு கிளாஸுல கொஞ்சம் கொஞ்சம் ஊத்துனேன். அட்ட நாத்தம் போன எடம் தெரியல. எடுத்தேன். வாயில வச்சேன்.

வச்சதும் என்ன ஆச்சுன்னா... தம்பி, இதுக்கு நான் பொறுப்பில்ல. நாக்கு தனி ஆளு. மூளைகிட்டக் கேட்டுட்டா அது வேல செய்யுது? மொதல்ல இனிப்பு, கெட்டியா, வெல்லம் காச்சுன மாதிரி. அதத் தொரத்திக்கிட்டே ஒரு புளிப்பு வந்து வாயக் கழுவிட்டுப் போவுது. அப்பறம் முந்திரி. கடைசியில ஆரஞ்சுத் தோலு, கொஞ்சம் உப்பு. முழுங்குன பெறகும் தொண்டையில நிக்குது. போகவே மாட்டேங்குது. பின்கட்டு, கிறிஸ்மஸ் மறுநாளு, எங்கம்மா கொடியில துணி போட்டுக்கிட்டு நிக்கா, இவன் புதுச் சட்ட போட்டு என் எதுக்க ஒக்காந்திருக்கான். எல்லாம் அப்படியே.

"லே, கேக்கப் பிழிஞ்..."

பாதியில நிறுத்திட்டேன். ஆனா சொல்லிட்டேன். எவ்வளவு நேரம் கண்ண மூடியிருந்தேன்னும் தெரியல. தொறந்து பாத்தா, பெனிட்டா என்னையும் அவனையும் மாத்தி மாத்திப் பாக்கா. "ஆமாப்பா, நம்ம பிளம் கேக்கேதான். முந்திரி நல்லாத் தெரியுது"ங்கா. அவளுக்கு என்ன தெரியும் பாவம்.

தொபியாஸ் சிரிப்பான்னு பாத்தேன். சிரிச்சிருந்தா ஜக்கத் தூக்கி அவன் மேலயே ஊத்தியிருப்பேன். அவன் சிரிக்கல. மெதுவாக் குடிச்சான். "பாட்டில எங்க வச்சிருந்த?"ன்னு கேட்டான்.

எம்மகதான் கைய நீட்டிக் காமிச்சா. "அந்தா, போர்மா மேல. நான் பொறந்ததுலருந்து அங்கதான் மாமா நிக்குது. அப்பா யாரையும் தொட விட மாட்டாங்க."

அவன் பரணப் பாத்தான். கூரையப் பாத்தான். போர்மாவப் பாத்தான். அவன் கண்ணு கலங்கிப் போச்சு.

"கஸ்பாரு, ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? வேற ஒயினா இருந்தா செத்துருக்கும். இது ஒண்ணுதான் சூட்டுக்குன்னே பொறந்தது. ஊறிக்கிட்டு இருக்கும்போதே பாதியில சாராயத்த ஊத்தி நிறுத்திருவான், அதனால இனிப்பு அப்படியே நிக்கும். அந்தக் காலத்துல பீப்பாயக் கப்பல்ல ஏத்தி வெயில் தேசத்துக்கு அனுப்புவாங்களாம். விக்காம திரும்பி வந்த பீப்பாயத் தொறந்து பாத்தா, போகும்போது இருந்தத விட நல்லா இருந்துச்சாம். அதுலருந்து வேணும்னே சூடு காட்டுவான். கூரைக்குக் கீழ பரண்ல பீப்பாய வருசக் கணக்கா வெயில்ல வேக விடுவான். நான் கண்ணாலப் பாத்துருக்கேன், இதே மாதிரி பரணு. ஏற்கெனவே வெந்து, காத்துப் பட்டு வந்தத இனிமே எது கெடுக்கும்? நிக்க வச்சதும் சரி. இதுல இருக்கற புளிப்பும் சாராயமும் கார்க்கத் தின்னுரும், படுக்கவே வைக்கக் கூடாதும்பான். நான் குடுக்கும்போது ஒரு வார்த்த சொல்லல. மறந்துட்டேன். நீயாத் தெரிஞ்சு, இத்தன வருசம் இப்படிப் பாத்திருக்கியே லே."

ஒன்னயக் கெடுக்கத்தான் வச்சேன்னு சொல்லவா? எம்மக பக்கத்துல நிக்கா. அவ மூஞ்சில ஒரு பெருமை. இந்த மனுசனுக்குள்ள இப்படி ஒரு பாசமான்னு.

"கடைக்குப் போயி ஐஸ் வாங்கிட்டு வா"ன்னு அவள அனுப்பிட்டேன். அந்த ஒயினுக்கு ஐஸு போடக் கூடாதாம், அது அப்போ எனக்குத் தெரியாது.

அவ போனதும், "சரி, நீ ஜெயிச்சுட்ட. நாக்கு ஒன் பக்கம். ஆனா கப்பல் விசயம் வேற"ன்னேன்.

"நீதான ஒண்ணாக் கட்டுன?"

"கட்டுனேன். இப்ப அவுக்கேன். நீ அந்தக் குக்குகிட்ட என்ன சொன்ன? அத மட்டும் சொல்லு."

அவன் கிளாஸ உருட்டிக்கிட்டே இருந்தான். அப்பறம் ரொம்ப மெதுவாச் சொன்னான். அதையும் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

"நான் ஒண்ணும் சொல்லல கஸ்பாரு. சமையக்கட்டுக்குள்ள நீ மாவுப் பீப்பாயத் தொறந்து மோந்து பாத்த. அப்போ இழுவைப் படகு வந்து கப்பல ஒரு முட்டு முட்டுச்சு. தரை சாஞ்சுச்சு. நீ மேசையப் புடிச்ச. ஒரு தடவ என்னையப் பாத்த. அப்பறம் வெளிய போயி ஏணியில எறங்கிட்ட. நான் பின்னாடியே வந்தேன். நீ கரையில கயிறு கட்டுற இரும்புக் குத்தியில ஒக்காந்து வாந்தி எடுத்துக்கிட்டிருந்த. ஒங்க அண்ணன் பேரச் சொல்லி அழுத. வா லே, நான் கூட வாரேன்னேன். முடியாது, நீ போ, பெட்டியையும் எடுத்துட்டுப் போ, யார்ட்டயும் சொல்லாதன்ன. நான் சொல்லல. விட்டுக் குடுத்தான்னு சொன்னேன். ஒங்க அண்ணன் போயி ஒரு வருசங்கூட ஆகல. அந்த எடத்துல யாரா இருந்தாலும் எறங்கியிருப்பான்."

எப்படி இருக்கு பாத்தியளா? எத்தன நாளா வச்சிருந்து சொல்லுதான். ஒரு மனுசன் வாந்தி எடுத்தா அது பயமா? காலையில எங்கம்மா குடுத்த பழைய கஞ்சி ஒத்துக்கல. கயிறு கட்டுற குத்தியில நான் ஒக்காந்தது கால் வலிக்கு. அழுதது... உப்புத் தூசு. உப்பு ஏத்துற கப்பலு, எங்க பாத்தாலும் உப்புத் தூசு. கண்ணு எரியாம என்ன செய்யும்? கடக்கரையில பொறந்தவன் நான். எங்க தாத்தாவும் அவுக அப்பாவும் முத்துக் குளிச்சவங்க. எனக்குக் கடல் பயமா? அதுக்கப்பறம் நான் கப்பல் ஏறலைன்னா, கடையப் பாக்க ஆளில்ல.

இதெல்லாம் அவன்கிட்டச் சொன்னியளான்னு கேக்கறிய. சொல்லல. அதுக்குள்ள பெனிட்டா ஐஸோட வந்துட்டா.

அவன் எழுவது வயசுக் கூட்டத்துக்குப் போனேன். பந்தயத்துல தோத்தாத் தோத்ததுதான், நான் வாக்குத் தவறுறவன் இல்ல. ஆனா சும்மா போகல. ஒரு வாரமா யோசிச்சேன். அவன் திருடுனான்னு இனிச் சொல்ல முடியாது. அவன் சொல்றது பொய்யின்னும் சொல்ல முடியாது, சொன்னா அந்தக் குத்தி மேல ஒக்காந்த கதைய அவன் எடுத்து விடுவான். நல்லா மாட்டி வச்சிருந்தான் என்னைய. அப்பதான் ஒண்ணு தோணுச்சு. சரி, நான் குடுத்ததாவே இருக்கட்டும். குடுத்தவன்னா எனக்கு ஒரு உரிம இருக்குல்லா? வாங்குனவன வாங்குனவன்னு சொல்லலாம்லா? ஊரு முன்னாடி அவன் கையில திருவோட்டக் குடுத்து நிக்க வைக்கலாம்னு முடிவு பண்ணேன்.

மண்டபம் நெறஞ்சு கெடந்துச்சு. எங்க தெரு பூரா வந்திருந்துச்சு. அவன் பேசுனான். அதே கதை. கஸ்பாரு மாதிரி கூட்டாளி. எனக்கு மால போட்டாங்க. பெனிட்டா மூக்க உறிஞ்சுறா. நான் எந்திரிச்சு மைக்க வாங்குனேன்.

"தொபியாஸ் சொன்னது சரிதான். நாந்தான் குடுத்தேன்"னேன்.

கை தட்டுனாங்க. நிறுத்தச் சொல்லிக் கையக் காட்டுனேன்.

"இவன் கட்டுன வீடு நான் குடுத்தது. இவன் பிள்ள படிச்ச படிப்பு நான் குடுத்தது. இவன் பொண்டாட்டி கழுத்துல கெடக்கற சங்கிலி நான் குடுத்தது. இன்னைக்கு நீங்க தின்ன சோறும் நான் குடுத்ததுதான். நான் அன்னைக்கு அந்த ஏணியில எறங்கலேன்னா, இவன் இன்னும் என் கடையில மாவு பெசஞ்சுக்கிட்டு இருப்பான்."

நான் எதிர்பாத்தது என்னன்னா, ஊரு அப்படியே அமைதியாயிரும், அவன் தலை குனிவான். ஊரு அமைதியாகத்தான் ஆச்சு. ஒரு நிமிசம். அப்பறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க. பங்குச் சாமி கண்ணத் தொடைக்காரு. அவன் பொண்டாட்டி ஜெசிந்தா வந்து என் கால்ல விழுறா. உண்மதான் அண்ணே, உண்மதான்னு. நான் ஏசுனது ஒருத்தருக்கும் ஏச்சாவே படல. நான் எதச் செஞ்சாலும் அவனுக்கு நல்லதாவே போய் முடியுது. அது என்ன வரம்னு தெரியல.

அப்பதான் நான் சொன்னது எனக்கே காதுல விழுந்துச்சு. எறங்கலேன்னான்னு சொல்லியிருக்கேன். குடுக்கலேன்னான்னுதான் சொல்ல வந்தேன். மைக்குல பேசிப் பழக்கமில்லாதவனுக்கு வாய் தவறத்தான் செய்யும். அத்தன பேருல ஒருத்தருக்கும் அது வெளங்கல. எம்மகளுக்குக்கூட.

ஒருத்தனுக்கு மட்டும் வெளங்கிட்டு. திரும்பிப் பாத்தேன். பக்கத்துலதான் நிக்கான். மால போட்ட கழுத்தோட ரெண்டு கெழவனும் நிக்கோம், ஊரு தட்டிக்கிட்டே இருக்கு. அவன் மைக்க எங்கிட்டருந்து மெதுவா வாங்கி மேசையில வச்சான். யாருக்கும் தெரியாம கீழ என் கையப் புடிச்சான்.

கைதட்டு நின்னு, எல்லாரும் ஐஸ்கிரீம் வாங்கப் போன பெறகும் விடல. நானும் இழுத்துப் பாத்தேன் தம்பி. ரொம்ப ஒண்ணும் இழுக்கல.